டைமரில் பிரீஸ்கேலர் எவ்வளவு, ரீலோடு எவ்வளவு? சில கேள்விகள்

16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ATmega328P-இல் டைமர் 1-க்கு எப்போதும் 1024 பிரீஸ்கேலரே போடுகிறேன். எவ்வளவு நேரமானாலும் அடங்கிவிடுகிறது. அது தவறா?

எல்.ஈ.டி. சிமிட்டுவதற்கு அதுவே போதும். ஆனால் ஒரு சர்வோ மோட்டாரை அதே டைமரில் இணைத்துப் பாருங்கள், மோட்டார் திக்கித் திக்கித் திரும்பும்.

காரணத்தைக் கணக்காகவே பார்ப்போம். 1024-ஆல் வகுத்தால் ஒரு டிக் 64 மைக்ரோ விநாடி. சர்வோவுக்கு 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு போகவேண்டும். கைப்பிடி எந்தக் கோணத்தில் நிற்கவேண்டும் என்பதைச் சொல்வது அந்தத் துடிப்பின் அகலம், பொதுவாக 1 முதல் 2 மில்லி விநாடி வரை. அந்த 1 மில்லி விநாடி இடைவெளிக்குள் உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 15 படிகள்தான். அது 90 டிகிரி வீச்சு என்றால், ஒரு படிக்கு கிட்டத்தட்ட 6 டிகிரி!

சரி, பிரீஸ்கேலரே வேண்டாம் என்று 1 போட்டால்? டிக் 62.5 நானோ விநாடி. அருமையான நுணுக்கம்தான், ஆனால் 16 பிட் கவுண்டர் 65536 டிக்கில் நிரம்பிவிடும். அதாவது 4.096 மில்லி விநாடியில். 20 மில்லி விநாடிக்கு எட்டாது.

அடுத்த படி 8. டிக் அரை மைக்ரோ விநாடி, 32.768 மில்லி விநாடி வரை எண்ணலாம். 20 மில்லி விநாடி என்பது 40000 டிக், தாராளமாக அடங்குகிறது. துடிப்பு அகலத்துக்கு 2000 படிகள். அடுத்துள்ள 64-ஐ எடுத்தாலும் 20 மில்லி விநாடி அடங்கும், ஆனால் படிகள் 250 ஆகிவிடும்.

ஆக நான் செய்வது இதுதான்: தேவைப்படும் மிக நீண்ட இடைவெளியை எடுத்து, அது கவுண்டருக்குள் அடங்குகிற மிகச் சிறிய பிரீஸ்கேலரில் நின்றுவிடுவேன்.

```
ரீலோடு = கடிகாரம் × இடைவெளி / பிரீஸ்கேலர் - 1
ICR1 = 16000000 × 0.02 / 8 - 1 = 39999
```

அந்த "-1" எதற்கு? விட்டுவிட்டால் என்ன ஆகும்?

கவுண்டர் 0-விலிருந்து எண்ணுகிறது, அதனால் 0 முதல் 39999 வரை 40000 டிக். மறந்தாலும் சிமிட்டுவதில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, அதனால்தான் இந்தப் பிழை பல நாள் ஒளிந்திருக்கும். 1 விநாடிக்கு பிரீஸ்கேலர் 1024, ரீலோடு 15624 என்பது மிகச் சரியாகப் பொருந்தும். 15625 போட்டால் ஒவ்வொரு விநாடியும் 64 மைக்ரோ விநாடி நீளும். ஒரு நாளில் 5.5 விநாடி பின்தங்கும். கடிகாரம் செய்பவர்கள் குவார்ட்ஸைக் குறைசொல்லும் முன் இதைப் பாருங்கள்.

அப்புறம், இடைவெளி மாறாததாக இருந்து வகுத்தலும் மீதியின்றி வந்தால், 256-உடன் 62499 போட்டாலும் அதே 1 விநாடிதான். அங்கே நுண்மையான டிக்கால் கூடுதல் பயன் இல்லை. மீதி வரும்போதுதான் பார்க்கவேண்டும்: 10 மில்லி விநாடிக்கு 1024 எடுத்தால் 156.25 டிக் வருகிறது, கால் டிக்கை எங்கே வைப்பது?

எனக்கு அரை மைக்ரோ விநாடி நுணுக்கமும் வேண்டும், சில நிமிட நேரமும் அளக்கவேண்டும்.

ஒரு கவுண்டரில் இரண்டும் நடக்காது. பிரீஸ்கேலரை 8-இலேயே வைத்து, நிரம்பும் ஒவ்வொரு முறையும் இன்டரப்டில் ஒரு மாறியைக் கூட்டுங்கள். மாறியின் மதிப்பை 65536-ஆல் பெருக்கி TCNT1-ஐச் சேர்த்தால் மொத்த டிக்.

ஒரு கண்ணி இருக்கிறது. இன்டரப்டை நிறுத்திவிட்டுப் படிக்கும்போது கவுண்டர் அப்போதுதான் நிரம்பி 0-க்குத் திரும்பியிருக்கலாம், மாறி இன்னும் கூடியிருக்காது. அளவு திடீரென 32.768 மில்லி விநாடி குறைந்து வரும். எப்போதாவது ஒருமுறை சரியாக இந்த எண் அளவுக்குக் காலம் பின்னோக்கிப் போனால், குற்றவாளி இதுதான். TCNT1-ஐப் படித்தபின் TOV1 கொடி உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உயர்ந்திருந்து, படித்த மதிப்பும் சிறியதாக இருந்தால் மாறியோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

STM32-இல் PSC 7199, ARR 9999 போட்டேன், டைமருக்கு 72 மெகாஹெர்ட்ஸ். முதல் இன்டரப்ட் மட்டும் உடனே வந்துவிடுகிறது, அப்புறம் ஒழுங்காக 1 விநாடி.

இங்கே PSC-க்கும் ஒன்று குறைத்துப் போடுகிறோம், அதைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். சிக்கல் வேறு. PSC-இல் எழுதியது அடுத்த அப்டேட் நிகழ்வு வரை அமலுக்கு வராது. ரீசெட்டுக்குப் பின் முதல் சுற்று வகுக்காமலே ஓடி, 10000 டிக்கை 139 மைக்ரோ விநாடியில் முடித்துவிடுகிறது. நீங்களே ஒரு அப்டேட்டைக் கிளப்பி, அதனால் எழும் கொடியை அழித்துவிட்டு, பிறகு தொடங்குங்கள்:

```c
TIM2->PSC = 7199;
TIM2->ARR = 9999;
TIM2->EGR = TIM_EGR_UG;
TIM2->SR = ~TIM_SR_UIF;
TIM2->DIER |= TIM_DIER_UIE;
TIM2->CR1 |= TIM_CR1_CEN;
```

கொடியை அழிக்கும் வரியை விட்டுவிட்டால், இன்டரப்டை அனுமதித்த மறுகணமே அது அடிக்கும். பழைய அறிகுறியே திரும்ப வந்ததுபோல் தோன்றி, UG வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடுவீர்கள்.