மேப் ஓடும்போது சார்ஜ் ஏன் ஏறுவதில்லை?

"காரில் ஊருக்குப் போகும்போது கூகுள் மேப்பைப் போட்டு, போனை காரின் யுஎஸ்பி போர்ட்டிலேயே சொருகி வைத்திருந்தேன். போர்ட்டில் 5V 1A என்று எழுதியிருக்கிறது. நான்கு மணி நேரத்தில் 31 சதவீதம் 38 ஆனது, அவ்வளவுதான். இதே போன் வீட்டில் ஒன்றேகால் மணி நேரத்தில் முழுதாக ஏறிவிடுகிறது. 5000 எம்ஏஎச் பேட்டரி, வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. பேட்டரி போய்விட்டதா?" – வாசகர், திருச்சி

பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டில் ஒன்றேகால் மணி நேரத்தில் நிறைகிறது என்றால், சார்ஜ் ஏற்பதில் அதற்குக் கோளாறு இல்லை. காரில் உள்ளே வந்த மின்சாரத்தில் பெரும்பகுதியை போன் அப்போதே செலவழித்துவிட்டது. மிச்சம்தான் பேட்டரிக்குப் போனது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 5000 எம்ஏஎச் பேட்டரியில் சுமார் 19 வாட்-மணி ஆற்றல் அடங்கும். ஏழு சதவீதம் என்றால் ஏறத்தாழ 1.3 வாட்-மணி. அதை நான்கு மணி நேரத்துக்குப் பிரித்தால், பேட்டரிக்குள் போனது சராசரியாக 0.3 வாட் மட்டுமே. உங்கள் போர்ட் தருவது 5 வோல்ட், 1 ஆம்பியர், அதாவது 5 வாட். கேபிளிலும் போனுக்குள் மின்னழுத்தம் மாறும் இடத்திலும் கொஞ்சம் வெப்பமாக வீணாகும். கைக்கு வருவது நாலேகால் வாட் என்று வைத்துக்கொண்டால், மற்ற நான்கு வாட்டையும் போன் தின்றிருக்கிறது. பகல் வெயிலில் முழு வெளிச்சத்தில் எரியும் திரை, ஓயாமல் இயங்கும் ஜிபிஎஸ், டவர் விட்டு டவர் தாவும் நெட்வொர்க் எல்லாம் சேர்ந்தால் நான்கு வாட் ஆவது இயல்புதான். இதில் பெரிய பங்கு திரைக்கு.

இதை நீங்களே சோதிக்கலாம். ஆண்ட்ராய்டில் Ampere போன்ற செயலி மில்லி ஆம்பியரில் ஓர் எண் காட்டும். அது சார்ஜர் தரும் அளவு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது செலவு போக பேட்டரிக்குள் போகும் நிகர அளவு. மேப்பை மூடி, திரை வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து ஒரு நிமிடம் விட்டு அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேப்பை ஓடவிட்டு, வெளிச்சத்தை முழுதாக வைத்துப் பாருங்கள். முதலில் 750, பிறகு 90 என்று வந்தால், அந்த வித்தியாசம் முழுவதும் வழிகாட்டலுக்கும் திரைக்கும் போன செலவு. மைனஸில் காட்டினால், சொருகியிருந்தும் பேட்டரி இறங்குகிறது என்று பொருள். (வண்டி ஓட்டுபவர் இதைச் செய்ய வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.)

தீர்வு, உள்ளே வருவதைக் கூட்டுவதுதான். கார்களில் பாட்டு கேட்பதற்காக வைத்த யுஎஸ்பி போர்ட்டுகள் பலவும் இப்படிக் குறைவாகத்தான் தரும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் 18 வாட் அல்லது அதற்கு மேற்பட்ட சார்ஜர் ஒன்று வாங்குங்கள். 18 வாட்டில் வீணாவது போக சுமார் 15 வந்தாலும், நான்கு வாட் செலவுக்குப் பிறகு 11 வாட் மிஞ்சும். மணிக்கு ஐம்பது சதவீதத்துக்கு மேல் ஏற அது போதும். ஆனால் சார்ஜர் மேல் போட்டிருக்கும் வாட்டை மட்டும் நம்பி வாங்காதீர்கள். உங்கள் போன் ஏற்கும் வேக சார்ஜிங் முறை, யுஎஸ்பி பிடி போன்றது, அதில் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் 65 வாட் சார்ஜர்கூடப் பழைய 5 வோல்ட்டுக்கே இறங்கிவிடும். மெல்லிய, நீளமான கேபிளும் மின்னழுத்தத்தைக் குறைக்கும். போனோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

புது சார்ஜர் போட்டும் முதல் இருபது நிமிடம் வேகமாக ஏறி, பிறகு தவழ்ந்தால் காரணம் சூடு. முன்கண்ணாடிக்குக் கீழே வெயில் படும் இடத்தில் போனை மாட்டினால், வெயிலும் திரையும் சார்ஜிங்கும் சேர்ந்து அதைச் சுட வைக்கும். பேட்டரி 40, 45 டிகிரியை நெருங்கும்போது பல போன்கள் பாதுகாப்புக்காகச் சார்ஜிங்கைக் குறைத்துவிடும், சில நிறுத்தியே விடும். அப்போது எவ்வளவு பெரிய சார்ஜரும் உதவாது. மேற்சொன்ன செயலி பேட்டரி வெப்பத்தையும் காட்டும் என்பதால் இதை எளிதில் உறுதி செய்யலாம். ஏசி காற்று வரும் துவாரத்தில் மாட்டும் ஸ்டாண்டுக்கு போனை மாற்றுங்கள். தடித்த கவரைக் கழற்றுங்கள். வயர்லெஸ் சார்ஜிங் ஸ்டாண்டைத் தவிருங்கள், அதில் வீணாகும் ஆற்றல் போனின் முதுகையே சூடாக்கும்.

செலவைக் குறைப்பதும் கைகொடுக்கும். நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் நேராகப் போகும்போது திரையை அணைத்துவிட்டுக் குரல் வழிகாட்டலை மட்டும் கேட்கலாம். போகும் பகுதியின் வரைபடத்தை வீட்டு வைஃபையிலேயே ஆஃப்லைனில் இறக்கிக்கொண்டால், சிக்னல் மெலிந்த இடங்களில் வரைபடத்தை இறக்கப் போராடி போன் வீணாக்கும் மின்சாரம் ஓரளவு மிச்சமாகும்.

வீட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டே வீடியோ பார்ப்பவர்களுக்கும் கணக்கு இதுதான். லேப்டாப்பின் பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 2.5 வாட், வீடியோ ஓடினாலே அது தீர்ந்துவிடும். சுவர் சார்ஜருக்கு மாறுங்கள்.