டொரண்டோவிலிருந்து கீழக்கரைக்கு மணி சொல்வது எப்படி?

"காக்கா, நான் டொரண்டோ வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கீழக்கரையில் உம்மா, துபாயில் ராத்தா, நான் மூன்று பேரும் ஞாயிறுதோறும் சேர்ந்து பேசலாம் என்று பார்த்தால், யாராவது ஒருவர் தப்பான நேரத்தில் வந்து காத்திருக்கிறார்கள். நவம்பரில் இங்கே மணி வேறு மாறுமாம். எப்படிச் சொன்னால் எல்லாருக்கும் புரியும்?"

தம்பி, எந்த ஊர் மணியை அசையாமல் வைத்துக்கொள்வது என்று முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் வீட்டுக்குக் கீழக்கரை மணிதான் சரி. இந்தியாவிலும் துபாயிலும் வருஷம் முழுக்க யாரும் கடிகாரத்தைத் திருப்புவதில்லை. துபாய் நம் ஊருக்கு எப்போதும் ஒன்றரை மணி நேரம் பின்னால்தான். ஆடுவது டொரண்டோ மட்டும்: கோடையில் ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. மூன்று பேரில் ஒருவருக்குத்தான் மணி மாறுகிறது என்றால் அந்த ஒருவரே மாறிக்கொள்ளட்டும். உம்மாவை மார்ச்சுக்கு ஒரு கணக்கு, நவம்பருக்கு ஒரு கணக்கு என்று அலைக்கழிக்க வேண்டாம்.

உம்மா இஷா தொழுதுவிட்டு ஓய்வாக உட்காரும் நேரம் இரவு 8.30 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் குடும்பக் குரூப்பில் இப்படிப் போடுங்கள்:

"ஞாயிறு, அக்டோபர் 25. கீழக்கரை இரவு 8.30, துபாய் இரவு 7.00, டொரண்டோ பகல் 11.00."

கிழமை, தேதி, ஊர்ப் பெயர், காலையா இரவா, நாலும் இருக்க வேண்டும். அவரவர் ஊரைப் பார்த்தால் போதும். கூட்டிக் கழிக்கிற வேலை யாருக்கும் இல்லை.

அடுத்த வாரம்தான் கவனம். 2026-இல் நவம்பர் முதல் ஞாயிறு, 1-ஆம் தேதியே வருகிறது. அன்று அதிகாலை 2 மணிக்கு டொரண்டோ கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகும். கீழக்கரையில் அதே 8.30, துபாயில் அதே 7.00, உங்களுக்கு மட்டும் காலை 10.00. போன் தானே மாறிவிடும், சமையலறை அடுப்பில் எரியும் மணி பெரும்பாலும் மாறாது. பழைய பழக்கத்தில் போனைப் பார்த்து 11-க்கு வந்தீர்களானால், அங்கே ஒன்பதரை ஆகி உம்மா பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். மறுபடி மார்ச் இரண்டாவது ஞாயிறு உங்கள் நேரம் 11-க்குத் திரும்பும். இந்த இரண்டு ஞாயிறுக்கும் முந்தைய வாரமே புது மணியைப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், "நாளைக்குப் பேசலாம்" என்று மட்டும் எழுதாதீர்கள். கோடையில் சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு நீங்கள் அதை அனுப்பும்போது ஊரில் ஞாயிறு காலை ஆறரை. உம்மா அதைத் திங்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

"வெள்ளி இரவு" இதைவிட மோசம். நம் வீடுகளில் அது வியாழன் பொழுது சாய்ந்ததும் தொடங்கிவிடும். வியாழன் பின்னேரம் வெள்ளி இரவு என்றே நோட்டீஸில் போடுவார்கள். உங்கள் ஆபீஸ் பழக்கத்தில் அது வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு. அதனால்தான் தேதி போடச் சொல்கிறேன்.

"மஃரிபுக்குப் பிறகு" என்று சொல்வதும் ஊருக்குள் மட்டும் செல்லும். கீழக்கரையில் சூரியன் மறைவது வருஷம் முழுக்க ஆறு மணியை ஒட்டி, மிஞ்சினால் ஆறே முக்காலுக்குள். டொரண்டோவில் டிசம்பரில் ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும், ஜூனிலோ ராத்திரி ஒன்பதுக்குத்தான் மஃரிப்.

ஆபீஸ் விஷயத்துக்கும் இது உதவும். இங்கே பலர் வருஷம் முழுக்க "10 AM EST" என்றே எழுதுவார்கள். EST குளிர்கால மணி, கோடையில் ஓடுவது EDT. எழுத்துப்படி கணக்குப் போடுகிற சென்னைக்காரர் இரவு 8.30-க்கு வருவார், மீட்டிங்கோ 7.30-க்கே தொடங்கியிருக்கும். IST என்பதும் அப்படித்தான், அயர்லாந்துக்காரர்கள் தங்கள் கோடை மணிக்கும் அதையே எழுதுகிறார்கள். ஆகவே "டொரண்டோ மணி 10, சென்னை மணி இரவு 7.30" என்று ஊர் பெயரோடு எழுதிவிடுங்கள்.

வாராவாரம் வரும் மீட்டிங் என்றால் காலண்டரில் நேர மண்டலம் என்ன போட்டிருக்கிறது என்று திறந்து பாருங்கள். `America/Toronto` என்றிருந்தால் நவம்பரில் சென்னைக்காரருக்கு ஒரு மணி நேரம் தள்ளும். `Asia/Kolkata` என்றிருந்தால் உங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வரும். யாருடைய நேரம் நகரலாம் என்று அவரிடமே கேட்டுவிட்டு அதன்படி வையுங்கள். ராத்திரி ஏழரை எட்டரையாக மாறுவது குழந்தை உள்ள வீட்டில் பெரிய தொந்தரவு.