பெயர்த்தட்டுக் கணக்கும் தொட்டிக் கணக்கும்: வருவாய் தராத நீர் குறித்த கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் நகராட்சியின் முன்மொழிவில் நீரிழப்பு 37.5 சதவீதம் என்று காட்டியிருக்கிறோம். இது ஏற்கப்படுமா?

பதில்: இணைப்பில் நீங்கள் அனுப்பியுள்ள கணக்கைப் பார்த்தேன். பம்பின் பெயர்த்தட்டில் மணிக்கு 2 லட்சம் லிட்டர் என்று இருக்கிறது, நாளுக்கு 16 மணி நேரம் ஓடுகிறது, ஆகவே 32 லட்சம் லிட்டர். அதில் ரசீது போட்டது 20 லட்சம், மீதி 12 லட்சம் இழப்பு என்கிறீர்கள். இதே கணக்கு மாதத்துக்கு ஒருமுறையாவது என் மேசைக்கு வருகிறது. ஒவ்வொரு முறையும் அதே பதிலைத்தான் எழுதுகிறேன். பெயர்த்தட்டில் உள்ள அளவு, பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லர் புதிதாக இருந்து, குறிப்பிட்ட உயரத்துக்கு ஏற்றும்போது கிடைப்பது. பத்து ஆண்டு தேய்ந்த பம்பு அதைத் தராது. மின்தடை நேரத்தையும் சேர்த்தே பதிவேட்டில் ‘16 மணி’ என்று எழுதும் வழக்கத்தையும் நான் கண்டிருக்கிறேன்.

ஊருக்குள் வரும் மொத்த நீரை அளக்கும் பல்க் மீட்டர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் மேல்நிலைத் தொட்டியே ஒரு மீட்டர்தான். வெளியேற்று வால்வை மூடிவிட்டு, பம்பை அரை மணி நேரம் ஓட்டி, நீர்மட்டம் எவ்வளவு உயர்ந்தது என்று நாடாவால் அளந்து பாருங்கள். உள்விட்டம் 10 மீட்டர் உள்ள தொட்டியின் பரப்பு ஏறத்தாழ 78.5 சதுர மீட்டர். மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் வந்தது 78,500 லிட்டர், அதாவது மணிக்கு 1.57 லட்சம். அப்படியானால் நாளுக்கு வருவது சுமார் 25.1 லட்சம்தான், இழப்பு 5.1 லட்சம், அதாவது ஏறத்தாழ 20 சதவீதம். மீட்கப் போவதாக நீங்கள் சொல்லும் 12 லட்சத்தில் பாதிக்கு மேல் ஊருக்குள் வரவே இல்லாத தண்ணீர். அதை மீட்பதற்கு நிதி கேட்டால், பணி முடிந்து அளக்கும்போது திட்டம் தோற்றதாகவே தெரியும். முதலில் உள்வரவை அளந்து பாருங்கள். சதவீதத்தைப் பிறகு பேசலாம்.

கேள்வி: கசிவைக் கண்டறிய ஒலிக் கருவிகளை உடனே வாங்கலாமா?

பதில்: உங்கள் ஊரில் பெரும்பகுதி பி.வி.சி. குழாய் என்றால் அவசரப்பட வேண்டாம். இரும்புக் குழாயில் கசிவின் ஒலி வெகுதூரம் செல்லும். பிளாஸ்டிக்கில் சில மீட்டர்களிலேயே மங்கிவிடும். அழுத்தம் குறைவாக இருந்தால் இரண்டிலுமே கேட்பது அரிது.

கேள்வி: நள்ளிரவு ஓட்டத்தை அளக்கச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் நாளுக்கு இரண்டு மணி நேரமே விநியோகம். எப்படி அளப்பது?

பதில்: யாரும் தண்ணீர் எடுக்காத நள்ளிரவிலும் குழாயில் ஓடுவதைப் பெரும்பாலும் கசிவு என்று கொள்ளும் முறை அது. இரவில் குழாய் காலியாக இருக்கும் ஊரில் அது அப்படியே பொருந்தாது. ஒரு மண்டலத்தைத் தனிமைப்படுத்தி, முன்னறிவிப்புடன் எல்லா வீட்டு வால்வுகளையும் மூடச் செய்து, தொட்டிக்கு நீர் வருவதையும் நிறுத்திவிட்டு, தொட்டியிலிருந்து விநியோகத்தைத் திறந்து வையுங்கள். குழாய்கள் நிரம்பிய பிறகு மட்டம் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். (தொட்டியே கசிகிறதா என்பதை வெளியேற்று வால்வை மூடி முன்னதாகச் சோதியுங்கள், இதை மறப்பவர்கள் நிறைய.)

மேலே சொன்ன அதே அளவுத் தொட்டியில் மட்டம் மணிக்கு 11.5 சென்டிமீட்டர் இறங்கினால் கசிவு ஏறத்தாழ 9,000 லிட்டர். இரண்டு மணி நேர விநியோகத்தில் அது நாளுக்கு 18,000 லிட்டருக்கு மேல் போகாது. யாருக்கும் பெரிதாகத் தோன்றாது. அதே குழாய்களில் 24 மணி நேரமும் தண்ணீர் விட்டால், பகலில் அழுத்தம் குறைவதைக் கழித்தாலும், 1.8 லட்சம் லிட்டர் வரை மண்ணுக்குள் போகும். தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குப் பிரியும் ஃபெரூல் இணைப்புகளையும் வீட்டுக் குழாய்களையும் சரிசெய்யாமல் தொடர் விநியோகத்துக்கு மாறிய ஊர்களில் கடைக்கோடித் தெருவுக்குத் தண்ணீர் ஏறாமல் போவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கேள்வி: எல்லா வீட்டுக்கும் புது மீட்டர் பொருத்தினால் இழப்பு பாதியாகக் குறையும் அல்லவா?

பதில்: மீட்டர் கசிவை அடைக்காது. அளவில் தவறிப்போன நீரை ரசீதுக்குள் கொண்டுவரும், அவ்வளவே. அதிலும் மிதவை வால்வு வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நிரம்பும் வீடுகளில் சாதாரண மீட்டர் அந்த மெல்லிய ஓட்டத்தைப் பதிவதில்லை. விநியோகம் தொடங்கும்போது குழாயிலிருந்து வெளியேறும் காற்றையோ தண்ணீராகவே எண்ணிவிடும். முன்மொழிவில் மீட்டர் இழப்பைக் கட்டண விலையிலும், கசிவை உற்பத்திச் செலவிலும் தனித்தனியே மதிப்பிடுங்கள்.

கேள்வி: அழுத்தமே போதவில்லை என்று மக்கள் புகார் சொல்லும்போது அழுத்தக் குறைப்பு வால்வு எதற்கு?

பதில்: கடைக்கோடியில் அழுத்தம் போதாத மண்டலத்தில் தேவையில்லை. ஆனால் தொட்டிக்கு அருகில் உள்ள தாழ்வான பகுதியில் 30 மீட்டர் உயரத்துக்கு நீரை ஏற்றும் அழுத்தம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? மூன்று மாடி வீட்டுக்கே 17 மீட்டர் போதும் என்பது நடைமுறை விதி. 30 மீட்டரை 20 ஆக்கினால் கசிவு சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறையும்; விரிசல் நீண்டு திறக்கும் பிளாஸ்டிக் குழாயில் பாதிக்கு அருகில் வரலாம், இரும்பில் வட்டத்துளை என்றால் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

கேள்வி: எங்கள் ஊருக்கு எவ்வளவு செலவாகும்?

பதில்: இணைப்புகள் எத்தனை, குழாய் நீளம் எவ்வளவு, எந்த வகைக் குழாய், உள்வரவு அளக்கப்பட்டதா என்று எதையும் எழுதாமல் கேட்டிருக்கிறீர்கள். அவற்றை எழுதி மறுபடியும் அனுப்புங்கள். பம்பின் பெயர்த்தட்டை மட்டும் அனுப்பாதீர்கள்.