ஆடிக் காற்றில் கைபேசிப் பதிவு: இரைச்சலை மைக் துளையிலேயே தடுப்பது எப்படி?

கேள்வி: உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னை விவசாயிகளைக் கைபேசியில் பேட்டி எடுத்து வருகிறேன். ஆனி, ஆடி மாதங்களில் எடுத்த வீடியோக்களில் ‘கடகட’, ‘புஸ்புஸ்’ என்ற சத்தம் பேச்சை மூடிவிடுகிறது. கையால் மைக்கை மறைத்துப் பார்த்தேன், பயனில்லை. விலை உயர்ந்த மைக் வாங்காமல் இதைக் குறைக்க முடியுமா? ஏற்கெனவே எடுத்தவற்றைச் சரிசெய்ய வழி உண்டா?

பதில்: பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேரே வந்து இறங்கும் இடத்தில் நீங்கள் பதிவு செய்கிறீர்கள்; காற்றாலைகள் சுழல்வதற்குக் காரணமான அதே காற்றுதான் உங்கள் பேட்டியையும் கெடுக்கிறது. ஆனாலும் இதைப் பெருமளவு தணிக்க முடியும். அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: பதிவில் கேட்கும் அந்தக் கடகடப்பு, தோப்பில் இருந்த ஒலி அன்று. உங்கள் காது அந்த இடத்தில் அதைக் கேட்டிருக்காது. கைபேசியின் விளிம்பிலும் மைக் துளையிலும் மோதும் காற்று சுழிகளாக உடைய, அந்தச் சுழிகளின் அழுத்தம் மைக்கின் சவ்வை நேரடியாக அடிப்பதால் அது உண்டாகிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் இந்த அழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே துளையருகே வேகத்தைச் சற்றுக் குறைத்தாலே பதிவில் பெரிய வேறுபாடு தெரியும். கையால் மறைத்தது பயன்படாததற்குக் காரணம், விரல்களின் இடுக்கில் புதிய சுழிகள் பிறப்பதும், உள்ளங்கைக் குழிவில் குரல் பானைக்குள் பேசியதுபோல் ஒலிப்பதும், தோல் கைபேசியில் உராய்வதும்தான்.

முதலில், உங்கள் கைபேசி எந்தத் துளை வழியாகக் கேட்கிறது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலான கைபேசிகளில் சார்ஜர் செருகும் இடத்தருகே ஒன்று, மேல் விளிம்பில் ஒன்று, சிலவற்றில் பின்புறக் கேமராவை ஒட்டி ஒன்று எனப் பல துளைகள் உண்டு. வீடியோ எடுக்கும்போதும் வெறும் குரல் பதியும்போதும் வெவ்வேறு துளைகள் இயங்கக்கூடும். அறைக்குள் வீடியோ பதிவைத் தொடங்கி, ஒவ்வொரு துளையின் பெயரையும் சொல்லிவிட்டு அதன்மேல் நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். பிறகு இயர்போனில் கேட்டால் எந்தச் சுரண்டல் உரக்க விழுகிறது என்பது தெரிந்துவிடும். இயர்போன் கட்டாயம், கைபேசியின் சிறிய ஸ்பீக்கர் தாழ்ந்த ஒலிகளைச் சரியாக வெளியிடாது, காற்றிரைச்சலோ பெரும்பாலும் தாழ்ந்த ஒலி.

அடுத்து, அந்தத் துளைக்கு ஒரு போர்வை செய்யலாம். காற்றை அடைத்து நிறுத்துவது அதன் வேலை அன்று. ஒலியை உள்ளே விட்டு, துளையைச் சுற்றி அசையாத காற்றின் ஒரு சிறு வட்டத்தை உண்டாக்குவதே. எனவே துளையின்மேல் டேப் ஒட்டாதீர்கள். அது குரலையும் சேர்த்து மூடிவிடும். சுமார் 2 செ.மீ. தடிமனுள்ள மென்மையான ஸ்பாஞ்சு எடுத்துக்கொண்டு, துளை வரும் இடத்தில் கத்தரியால் சிறு குழி தோண்டி, அந்தக் குழி துளையின்மேல் அமருமாறு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். ஸ்பாஞ்சு துளையை அழுத்தித் தொட்டுக்கொண்டிருந்தால் பயன் குறையும். நடுவில் காற்று இருக்க இடம் வேண்டும். பொருளைத் தேர்வதற்கு ஓர் எளிய சோதனை: உதட்டோடு வைத்து ஊதுங்கள், மறுபுறம் வைத்த விரலில் மூச்சு மெலிதாகப் பட வேண்டும். பார்சல்களில் பொருளைச் சுற்றி வரும் வெள்ளை ஃபோம் இந்தச் சோதனையில் தோற்றுவிடும், அதை எடுக்காதீர்கள்.

மெல்லிய காற்றுக்கு ஸ்பாஞ்சு போதும். ஆடிக் காற்றுக்கு அதன்மேல் நீண்ட முடியுள்ள செயற்கை உரோமத் துணி வேண்டும். பழைய கரடிப் பொம்மையின் தோலே நன்றாக உதவும். ஒவ்வொரு முடியும் சிறிது வளைந்து காற்றின் விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்வதால் சுழி உடையும் இடம் துளையிலிருந்து தள்ளிப் போகிறது. முடி 2 செ.மீ.க்குக் குறையாதிருப்பது நல்லது. சில துணிகளின் அடிப்புறம் பசை பூசியிருக்கும்; அவை ஊதும் சோதனையில் தேறா. கட்டி முடித்ததும் அறைக்குள் ஒரே வாக்கியத்தைப் போர்வையோடும் போர்வை இன்றியும் பதிந்து பாருங்கள். ‘ச’, ‘ஸ’ ஒலிகள் மிகவும் மங்கினால் தடிமன் அதிகம். அதே நேரத்தில், கேமரா லென்ஸின்மேல் முடி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தாலும் 1.5 மீட்டர் தள்ளி நின்று எடுக்கும் பேட்டியில் குரல் மெலிந்தே இருக்கும். எனக்கு மிகவும் கைகொடுத்தது இரண்டாவது கைபேசி. கேணி மேட்டில் நின்று பேசிய ஒரு பெரியவரின் சட்டைப் பையில் குரல் பதியும் செயலியை இயக்கி, அடிப்பகுதித் துளை மேலே வாயைப் பார்க்குமாறு கைபேசியைத் தலைகீழாக வைத்து, அவர் தோள் துண்டின் ஒரு மடிப்பைப் பையின்மேல் படரவிட்டேன். வாய்க்கும் மைக்குக்கும் இடைவெளி 25 செ.மீ. ஆனதால், 1.5 மீட்டரோடு ஒப்பிட்டால் குரல் ஏறத்தாழ 16 டெசிபல் ஓங்கியது. உடலும் துண்டும் காற்றை மறைத்தன. கேமரா முன் ஒருமுறை கைதட்டச் சொன்னால், பிறகு படத்தையும் ஒலியையும் அந்தத் தட்டலில் பொருத்திவிடலாம். முதல் முயற்சியில் அவர் கை வீசிப் பேசும்போதெல்லாம் துணி உராய்ந்து ‘சரக்’ என்றது. பையில் ஊசி குத்தித் துண்டை அசையாமல் நிறுத்தியதும் அது நின்றது.

இடத்தைப் பொறுத்தவரை, சுவரின் முனையில் நிற்காதீர்கள், அங்கே காற்று திரும்பிச் சுழலும். சோளத்தட்டுப் போரோ அடர்ந்த உயிர்வேலியோ காற்றை உள்வாங்கித் தணிக்கும் என்பதால் அதன் மறைவில் அமர்ந்து பேசச் சொல்லுங்கள். தரையை நெருங்க நெருங்கக் காற்றின் வேகமும் குறையும். தென்னோலைச் சலசலப்பு மட்டும் போகாது. அது தோப்பின் உண்மையான ஒலி, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏற்கெனவே எடுத்தவற்றில் எதைக் காப்பாற்றலாம் என்பதை அலைவடிவம் சொல்லும். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் திறந்து, காற்று அடிக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலையின் உச்சி வளைவாக இருந்தால் நம்பிக்கை உண்டு. கத்தியால் சீவியதுபோல் தட்டையாக இருந்தால் மைக்கே திணறியிருக்கிறது. அந்த நொடியில் பேச்சும் நசுங்கியதால் எந்த வடிகட்டியும் அதை மீட்காது. அந்தத் தட்டை, அளவுகோலின் உச்சத்துக்குக் கீழேயும் இருக்கலாம், ஏனெனில் மைக் திணறிய பிறகு கைபேசி தானாக ஒலியளவைக் குறைத்திருக்கும்.

தட்டையாகாத பகுதிகளில் இடது, வலது இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். ஒரு துளையில் மோதும் சுழி மற்றொன்றில் அதேபோல் மோதாது; ஆகவே ஒரு பக்கம் தெளிவாக இருக்க வாய்ப்புண்டு. வலப்பக்கம் தெளிவாக இருந்தால் அதை மட்டும் எடுத்து, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றைத் தணிக்க, கணினியில் ffmpeg என்ற இலவச மென்பொருளை நிறுவி, கட்டளைச் சாளரத்தில் petti.mp4 என்ற இடத்தில் உங்கள் வீடியோவின் பெயரை இட்டு இந்தக் கட்டளையைக் கொடுத்தால் போதும்:

```
ffmpeg -i petti.mp4 -c:v copy -af "pan=mono|c0=c1,highpass=f=120,highpass=f=120" petti2.mp4
```

இடப்பக்கம் வேண்டுமானால் `c0=c1` என்பதை `c0=c0` என்று மாற்றுங்கள். வடிகட்டியை இருமுறை எழுதியிருப்பது, வெட்டு செங்குத்தாக இறங்குவதற்காக. ஆணின் குரலில் அடித்தளம் சிறிது மெலியும். ஆனால் பழைய தொலைபேசி இணைப்பு சுமார் 300 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை மட்டுமே கடத்தியும் பேச்சு புரிந்ததை நினைத்தால் 150 வரை ஏற்றவும் அஞ்ச வேண்டாம். அதற்கு மேலும் கடகடப்பு மிஞ்சினால் இன்னும் ஏற்றிப் பயனில்லை, குரல் தகரம்போல் ஆகிவிடும். உச்சி தட்டையான இடங்களுக்கு, அதே விவசாயியை மாட்டுக்கொட்டகைக்குள் அமர்த்தி அந்தப் பதிலை மட்டும் மறுபடியும் சொல்லச் சொல்லிப் பதிந்து, தோப்பின் காட்சிக்கு மேல் அந்தக் குரலை வையுங்கள்.