தனி ஊசல்: பிழைப் பகுதியில் என்ன எழுதுவது?

சார், g 9.78தான் வருகிறது. 9.81-க்கு ஏன் எட்டவில்லை? (வில்லியனூர்)

எட்டக் கூடாது. புதுச்சேரி, கடலூர் பக்கம் g சுமார் 9.78தான். உங்கள் விடை சரி. இல்லாத பிழைக்குக் காரணம் தேடாதீர்கள்.

ஐந்து முறை எடுத்துச் சராசரி போட்டும் 9.68தான் வருகிறது. 'மனிதப் பிழை, காற்றுத் தடை' என்று எழுதிவிடலாமா? (திருப்பாதிரிப்புலியூர்)

பாதி ரெக்கார்டு நோட்டுகளில் இந்த இரண்டு வார்த்தைதான் இருக்கிறது. எந்த மனிதர், என்ன செய்தார், அதனால் g கூடியதா குறைந்ததா? அதைச் சொல்லாவிட்டால் அது பிழைப் பகுதியே இல்லை.

நீங்கள் அனுப்பிய அளவுகளையே பார்ப்போம். 20 அலைவுக்கு 40.3, 40.5, 40.4, 40.2, 40.5 வினாடி. இந்தச் சிதறல்தான் ஒழுங்கற்ற பிழை. ஸ்டாப்வாட்சை ஒருமுறை முந்தியும் ஒருமுறை பிந்தியும் அழுத்துவதால் வருவது. ஐந்தின் சராசரியில் மிஞ்சுவது சுமார் 0.06 வினாடி, g-யில் அது 0.03 அளவுக்குத்தான் ஆட்டும். உங்களுக்குக் குறைவதோ 0.10. சிதறல் விளக்கக்கூடியதைப் போல மூன்று மடங்கு குறைகிறது என்றால், ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக இழுக்கும் முறையான பிழை ஒன்று ஒளிந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

நூல் 100 செ.மீ. என்கிறீர்கள். குண்டின் உச்சி வரைதானே அளந்தீர்கள்? குண்டின் விட்டம் 2 செ.மீ. என்றால் ஊசலின் நீளம் அதன் மையம் வரை, 101. அதைப் போட்டுப் பாருங்கள், 9.78 வந்துவிடும். ஐந்துக்குப் பதில் ஐம்பது முறை எடுத்திருந்தாலும் அந்த ஒரு செ.மீ. அப்படியே இருந்திருக்கும். சராசரி சிதறலைக் குறைக்கும், முறையான பிழையைத் தொடாது.

ஆரம் தெரியாவிட்டாலும் வழி உண்டு. நான்கைந்து நூல் நீளங்களுக்கு T² கண்டு, நீளத்துக்கு எதிராக வரைபடம் போடுங்கள். கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல், நீள அச்சை −1 செ.மீ. அருகே வெட்டும். விட்டுப்போன ஆரம் அதுதான். சாய்வு மாறாது, அதிலிருந்து எடுக்கும் g-யும் கெடாது.

ஃபேன் ஓடினால் எந்தப் பிழை? (பாகூர்)

பெரும்பாலும் ஒழுங்கற்றது. எழுதிக்கொண்டிருப்பதைவிட ஃபேனை அணைப்பது சுலபம்.

எனக்கு 10.9 வந்துவிட்டது. ஏன்? (நெல்லிக்குப்பம்)

அளவு ஒன்றுகூட அனுப்பாமல் ஏன் என்றால் எப்படித் தம்பி? ஊகமாகச் சொல்கிறேன்: வாட்சை அழுத்தும்போதே 'ஒன்று' என்று எண்ணியிருப்பீர்கள். 'சுழி' என்று தொடங்க வேண்டும். நீங்கள் 20 என்று நினைத்தது 19தான்; T 5 சதவீதம் குறையும், g கிட்டத்தட்ட 11 சதவீதம் கூடும். ஒவ்வொரு முறையும் அப்படியே எண்ணினால் சராசரி இங்கேயும் உதவாது. வரைபடமும் காட்டிக்கொடுக்காது, கோடு ஒழுங்காக ஆதிப்புள்ளி வழியாகவே போகும். அதே நூலில் 20-க்கும் 40-க்கும் நேரம் எடுங்கள். இரண்டாவது முதலாவதின் இரு மடங்கைவிட ஒரு முழு அலைவு நேரம் கூடுதலாக வந்தால், பிழை எண்ணிக்கையில்தான்.