ஸ்குவாட்: செட்டுக்கு நடுவே எவ்வளவு ஓய்வு?

“ஊட்டியில் ஜிம் போகிறேன். 80 கிலோ ஸ்குவாட், 5 செட். பலம் கூட வேண்டும். குளிரில் உடம்பு ஆறிவிடும் என்று ஒரு நிமிடம்தான் ஓய்வு. மூன்றாவது செட்டில் 5 முறை வரவில்லை, 3தான். எடையைக் குறைக்கவா?”

இப்போதைக்கு வேண்டாங்க, ஓய்வைக் கூட்டுங்கள். கனமாகத் தூக்கும்போது தசை முதலில் செலவழிப்பது தனக்குள் சேமித்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற உடனடி எரிபொருளை. அது ஓரளவு முழுதாக நிரம்ப மூன்று நிமிடமாவது ஆகும். நிரம்ப ஆக்சிஜனும் வேண்டும். ஊட்டி 2,200 மீட்டர் உயரம் என்பதால் நான் நாலு நிமிடம் விடச் சொல்வேன். உட்காராமல், ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மெல்ல நடங்கள், உடம்பு ஆறாது. அப்படியும் மூன்றாவது செட் 3இலேயே நின்றால், சரி, 75க்கு இறங்குங்கள்.

தசை பெருக்க மட்டும் என்றால் ஒன்றரை, இரண்டு நிமிடம் போதும். நீங்கள் விடும் ஒரு நிமிடம், குறைந்த எடையில் 15, 20 முறை செய்து தாக்குப்பிடிக்கப் பழகுபவர்களுக்கானது.