பெஸ்ட் மேன் பேச்சில் சிரிப்பை எங்கே வைப்பது?

கேள்வி: லண்டனில் நண்பனின் ரிசப்ஷன், நான்தான் பெஸ்ட் மேன். பெரியவர்கள் முன்னால் அவன் மானம் போகாமல் எப்படிச் சிரிக்க வைப்பது?

ஒரே ஒரு கதை போதும். அதில் அவனுடைய சின்னக் குறை, கடைசியில் நல்ல குணமாகத் திரும்ப வேண்டும். ஆங்கிலேய வழக்கப்படி பெண்ணின் அப்பாவும் மாப்பிள்ளையும் பேசிய பிறகே உங்கள் முறை வரும். கூட்டம் அதற்குள் களைத்துவிடும், ஆகவே ஐந்து நிமிடத்தைத் தாண்டாதீர்கள்.

நான் பெஸ்ட் மேனாகப் பேசியதைச் சொல்கிறேன். என் நண்பன் எங்கேயும் தாமதம்தான். பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, "படம் முடிந்து பெயர் ஓடும்போதுதான் தியேட்டருக்குள் வருவான்" என்றேன். முதலில் சிரித்தது அவன் அம்மா. வீட்டுக்கே தெரிந்த குறை என்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். அப்புறம், என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த இரவு எனக்கு முன்பே அவன் அங்கே வந்து நின்றதைச் சொன்னேன். அதோடு வாழ்த்துக்குப் போய்விட்டேன்.

பழைய காதல், குடி இரண்டும் வேண்டவே வேண்டாம். அதைக் கேட்டதும் எல்லாக் கண்களும் பெண்ணின் பெற்றோர் பக்கம் திரும்பும், பிறகு எந்த ஜோக்கும் எடுபடாது. ஒரு வாரம் முன்பே பேச்சை உங்கள் நண்பனின் அக்காவுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் "ம்..." என்று இழுக்கிறாரோ, அந்த வரியை எடுத்துவிடுங்கள்.